யார் மூத்தது என்று காட்டிக்கொடுக்காத பெயர்கள்

இரட்டைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் ஒரு கேள்வியிலிருந்து தப்பவே முடியாது: "இதுல எது பெருசு?" பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார், கோயில் வாசலில் பூக்காரம்மா கேட்பார், தடுப்பூசி போடும் செவிலியரும் கேட்பார். பதில் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதன் பிறகு ஒரு குழந்தை பெரியவன், இன்னொன்று சின்னவன். வீட்டிலும் அதுவே பெயராகிவிடும். "பெரியவனுக்கு ஊட்டியாச்சா? சின்னவன் தூங்கிட்டானா?"

இத்தனைக்கும் அந்த மூப்பு எவ்வளவு? அறுவை சிகிச்சைப் பிரசவம் என்றால் பெரும்பாலும் ஓரிரு நிமிடம். கருப்பையைத் திறந்ததும் மருத்துவரின் கைக்கு முதலில் எட்டும் பிள்ளை முதலில் வருகிறது, மற்றது அடுத்து வருகிறது. ஸ்கேன் அறிக்கைகளில் வாய்ப்பக்கம் தாழ்வாக இருக்கும் குழந்தையை முதல் குழந்தை என்று குறிப்பது வழக்கம். அதாவது வயிற்றுக்குள் யார் எங்கே படுத்திருந்தார்கள் என்பதுதான் வாழ்நாள் முழுக்க ஒருவனை அண்ணனாகவும் இன்னொருவனைத் தம்பியாகவும் ஆக்குகிறது.

இந்த மூப்பைத் தமிழ் வீடு அவ்வளவு எளிதில் விடாது. உறவைச் சொல்லி அழைக்க நம்மிடம் இருப்பவை அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. நான்குமே வயதைச் சொல்லிவிடுகின்றன. உடன்பிறந்தவர், சகோதரர் என்பவை பத்திரிகையிலும் மேடையிலும் வரும். "உடன்பிறந்தவனே, சாப்பிட வா" என்று எந்த வீட்டிலும் யாரும் கூப்பிடுவதில்லை. போதாததற்கு இளையவர் மூத்தவரை "அண்ணா", "அக்கா" என்று அழைக்க வேண்டும், மூத்தவர் இளையவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்பது வழக்கம். ஒரு நிமிட இடைவெளியில் பிறந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மரியாதை, இன்னொருவருக்கு வெறும் பெயர். இதிலிருந்து வெளியே வர வீட்டுக்குள் இருக்கும் ஒரே வாசல் செல்லப்பெயர்தான். இருவரும் இருவரையும் பெயர் சொல்லியே அழைக்க, வீட்டாரும் அப்படியே அழைக்க, நல்ல ஒரு ஜோடிப் பெயர் இருந்தால் அண்ணன் தம்பிக் கணக்கு தானாகப் பின்னுக்குப் போகும். அந்த ஜோடியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு. பார்க்கத் தெரிவதைவிட இது கொஞ்சம் நுணுக்கமான வேலை.

முதலில், யார் மூத்தவர் என்ற கேள்வி நம் முன்னோர்களையும் குழப்பியிருக்கிறது. இரட்டையரில் முதலில் பிறந்தவரே மூத்தவர் என்று மனுஸ்மிருதி சொல்லிவிடுகிறது. பாகவதத்தில் இரணியகசிபுவும் இரணியாட்சனும் இரட்டையர்கள். அங்கே கணக்கு வேறு மாதிரி வருகிறது: முதலில் கருவானவன் இரணியகசிபு, தாய் வயிற்றிலிருந்து முதலில் வெளியே வந்தவன் இரணியாட்சன். கடைசியாக வந்தவன்தான் உள்ளே முதலில் போனவன், ஆகவே அவனே மூத்தவன் என்று இன்றும் சில வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து உருவான இரட்டையரில் முதலில் கருவானவர் என்று ஒருவரே கிடையாது என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. நைஜீரியாவின் யோருபா மக்களும் இதே நியாயத்தைப் பேசுகிறார்கள். அங்கே இரட்டையரில் முதலில் பிறப்பவருக்கு தைவோ என்றும் அடுத்தவருக்கு கெஹிந்தே என்றும் பெயர். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரும்படி தைவோவை முன்னால் அனுப்பியவர் கெஹிந்தே, எனவே கெஹிந்தேதான் மூத்தவர் என்பது அவர்கள் நம்பிக்கை. உகாண்டாவில் ஆண் இரட்டையருக்கு வாஸ்வா, காட்டோ. இதுவும் பிறந்த வரிசைதான். இந்த ஊர்களில் பெயரைக் கேட்டாலே வரிசை தெரிந்துவிடும். பெயர் வைப்பதன் நோக்கமே அதுதான். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது.

நம் ஊரில் வரிசை இவ்வளவு வெளிப்படையாக வராது. கதை வழியாக ஒளிந்து வரும். இரட்டை ஆண் குழந்தைகள் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது ராமன், லட்சுமணன். அவர்கள் இரட்டையரே இல்லை. லட்சுமணனோடு ஒரே வயிற்றில் பிறந்தவன் சத்ருக்னன். ராமனுக்கு அவன் தம்பி மட்டுமல்ல, தம்பி என்றாலே அவன்தான். வைணவர்கள் அவனை இளையபெருமாள் என்றே சொல்வார்கள். இந்தப் பெயர்களைச் சுருக்கி ராமு, லச்சு என்று கூப்பிட்டாலும் யார் யாருக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்பது பெயரோடு வந்துவிடும். நகுலன், சகாதேவன் உண்மையான இரட்டையர்கள்தான், ஆனால் அங்கும் நகுலன் மூத்தவன் என்று மகாபாரதம் படித்தவர்களுக்குத் தெரியும்.

விதிவிலக்காக ஒரு ஜோடி உண்டு: லவனும் குசனும். வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் இவர்களுக்குப் பெயர் வருவதே பிறந்த வரிசையில்தான். தர்ப்பைப் புல்லின் மேல்பகுதியால் மந்திரித்துத் துடைக்கப்பட்ட மூத்தவன் குசன், அடிப்பகுதியால் துடைக்கப்பட்ட இளையவன் லவன். சமஸ்கிருதத்தில் 'குசலவர்' என்று மூத்தவனை முன்னால் வைத்தே சொல்வார்கள். தமிழில் இது எப்படியோ புரண்டு லவகுசா ஆகிவிட்டது. 1963இல் வந்த திரைப்படத்தின் பெயரும் அதுதான். இன்று தெருவில் நூறு பேரை நிறுத்தி இவர்களில் யார் மூத்தவன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். பெயர்களின் அமைப்பைப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே புல்லிலிருந்து வந்தவை. ஆனால் ஒன்றின் முதல் உயிர் அகரம், மற்றதன் முதல் உயிர் உகரம். ஒன்றை மற்றொன்றாகக் கேட்க வழியில்லை. ஒரு நல்ல ஜோடிக்கு என்னென்ன வேண்டும் என்று எனக்கு விளக்கச் சொன்னால் இந்த இரண்டு பெயர்களைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

கதையில் ஒளிந்திருப்பதை விடவும் அன்றாடப் பேச்சில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆணும் பெண்ணுமாகப் பிறந்த இரட்டையருக்கு நம் வீடுகளில் தானாக விழும் பெயர்கள் 'தம்பி'யும் 'பாப்பா'வும். சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாப்பா என்றால் வீட்டிலேயே சின்னது. அந்தப் பெண் குழந்தை முதலில் பிறந்தவளாக இருந்தாலும் ஐந்து வயதுக்குள் எல்லோரும் அவளைத் தங்கையாக்கிவிடுவார்கள். அவன் 'தம்பி' என்ற பெயரை வைத்துக்கொண்டே அவளுக்கு அண்ணனாகிவிடுவான். 'குட்டி', 'சின்னு', 'சிட்டு' எல்லாம் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் இதே கதைதான். இருவருக்கும் விழுந்தால் குழப்பம், ஒருவருக்கு விழுந்தால் வரிசை.

சூரியன், நிலா என்று வைப்பவர்கள் இரண்டையும் சமம் என்று நினைத்துத்தான் வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வந்ததும் நிலாவுக்குச் சொந்த ஒளி இல்லை என்று பாடம் வரும். தங்கம், வெள்ளியில் விலை ஒளிந்திருக்கிறது. ராஜா, மந்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உடம்பை வைத்து வரும் பெயர்கள் இன்னும் மோசம். இரட்டையர்களில் பிறந்த எடை வேறுபடுவது சகஜம். ஒன்று இரண்டரை கிலோ, இன்னொன்று இரண்டு கிலோ என்று பிறந்தால் முதல் வாரத்திலேயே ஒன்று 'குண்டு', மற்றது 'நோஞ்சான்'. இரண்டு வயதில் நோஞ்சான் குண்டுவை எட்டிப் பிடித்திருக்கலாம். பெயர் எட்டிப் பிடிக்காது. 'கருப்பி', 'வெள்ளச்சி' என்று பிரித்துக் கூப்பிடுவது இன்னும் நிற்கவில்லை. வேறு பிள்ளைகளுக்கு இவை வெறும் கேலிப்பெயர்கள். இரட்டையருக்கோ எந்நேரமும் பக்கத்திலேயே ஒப்பீட்டுக்கு ஆள் நிற்கிறது.

சரி, வரிசை இல்லாமல் வைத்தாயிற்று. அடுத்தது, இரண்டும் சமமாக ஒலிக்க வேண்டும். சமம் என்பதை எப்படி அளப்பது? எனக்குத் தெரிந்து இதற்குத் தமிழில் ஒரு நல்ல அளவுகோல் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படுகிறது, பலர் தேர்வோடு மறந்துவிடுகிறோம். அசை பிரிப்பதுதான் அது. 'சீனு' என்பதை சீ, னு என்று பிரித்தால் நேர் நேர், தேமா. 'மணி' என்பது முழுவதும் ஒரே நிரையசை. நாக்கில் நிற்காமல் ஓடிவிடும். எழுதிப் பார்த்தால் இரண்டுமே இரண்டெழுத்து. வாயில் வைத்தால் சீனு மெதுவாக அமர்ந்து வருகிறது, மணி ஓடுகிறது. இப்படி எடை மாறிய ஜோடியைத் தொடர்ந்து சொல்லும்போது ஓடுவது முன்னால் போய்விடும். "மணி சீனு" என்பது நாக்குக்கு இயல்பாக வரும். "சீனு மணி" என்பதற்குக் கொஞ்சம் முயல வேண்டும்.

இதை இலக்கணக்காரர்கள் எப்போதோ கவனித்திருக்கிறார்கள். இரண்டு பெயர்களைச் சேர்த்து ஒரு தொகையாக்கும்போது குறைந்த உயிரொலிகள் உள்ள சொல் முன்னால் வரும் என்று பாணினி ஒரு சூத்திரம் வைத்தார். அதற்குப் பின்னால் வந்த காத்தியாயனர் ஒரு துணைவிதி சேர்த்தார்: சகோதரர்களைச் சொல்லும்போது மூத்தவன் பெயர் முன்னால் வரும். அதனால்தான் யுதிஷ்டிரனும் அர்ஜுனனும் சேரும்போது நீளமான பெயர் கொண்ட யுதிஷ்டிரன் முன்னால் நிற்கிறான். இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் நம் வீட்டுச் சிக்கல் புரிந்துவிடும். முன்னால் வரும் பெயர் மூத்தவருடையது என்று காது பழகிப்போயிருக்கிறது. சின்னப் பெயர் தானாக முன்னால் வருகிறது. ஆகவே ஒரு குழந்தைக்கு ஓடும் பெயரும் இன்னொன்றுக்கு அமரும் பெயரும் வைத்தால், எல்லோரும் எப்போதும் ஒரே வரிசையில்தான் சொல்வார்கள். கேட்பவர்கள் முன்னால் வருவதை மூத்ததாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் ஒரே சீராக இருந்தால்தான் இன்று இப்படியும் நாளை அப்படியும் மாற்றிச் சொல்ல வாய் ஒத்துழைக்கும்.

இதில் அதிகம் பேர் சறுக்கும் இடமும் இருக்கிறது. சமமாக இருக்க வேண்டும் என்று நினைத்து ஒரே மாதிரி வைத்துவிடுவது. சிந்து, பிந்து, ஹரிணி, தரணி, ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள், ஒரே ஓசையில் முடியும் பெயர்கள். பத்திரிகை அடிக்கும்போது அழகாகத்தான் இருக்கும். காலை ஏழரை மணிக்கு மிக்சி ஓடும்போது சமையலறையிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்.

தூரத்திலிருந்தோ சுவருக்கு அப்பாலிருந்தோ கூப்பிடும்போது மெய்யொலிகள் முதலில் தேய்ந்துபோகும். உயிரொலிகளில்தான் குரலின் பெரும் வலிமை இருக்கிறது, அவைதான் காதுவரை வந்து சேரும். சிந்து, பிந்து இரண்டும் அடுத்த அறைக்குப் போய்ச் சேரும்போது வெறும் 'இ...ஊ'. இரண்டு குழந்தைகளும் திரும்பும், அல்லது இரண்டும் திரும்பாது. அதோடு நாம் கூப்பிடும்போது பெயரின் கடைசியை நீட்டுகிறோம். இகரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஈகாரமாகும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபு சொல்கிறது: நம்பி, நம்பீ. நாமும் அதைத்தான் செய்கிறோம். உகரத்தில் முடியும் செல்லப்பெயர்களையும் சீனூ, ராமூ என்று நீட்டிக்கொள்கிறோம். ஆகவே பெயரில் மிக உரக்கக் கேட்பது அதன் வால். இரண்டு பெயர்களுக்கும் ஒரே வால் இருந்தால் முதல் அசையின் உயிராவது நன்றாக விலகியிருக்க வேண்டும். 1965இல் வந்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினி நடித்த இரட்டைச் சிறுமிகள் லல்லி, பப்பி. சமத்துக்கு இதைவிட நல்ல ஜோடி அமையாது. இரண்டும் தேமா, இரண்டும் சொந்தப் பெயரிலிருந்து பிறந்தவை. ஆனால் இரண்டிலும் வருவது அகரமும் இகரமும்தான். திரையில் பிரச்சினை இல்லை, மாடியிலிருந்து கூப்பிட்டால் பிரச்சினை. 1998இல் வந்த 'ஜீன்ஸ்' படத்தின் விசு, ராமு இந்த ஒரு விஷயத்தில் மேல்: வால் ஒன்றாக இருந்தாலும் தலையில் இகரமும் ஆகாரமும் தெளிவாகப் பிரிகின்றன.

கேட்பவரின் சிக்கலைவிட, கூப்பிடுகிறவரின் சிக்கல் பெரியது. ஒரு பிள்ளையைக் கூப்பிட வாயைத் திறந்தால் இன்னொரு பிள்ளையின் பெயர் வருவது எல்லா அம்மாக்களுக்கும் நடப்பது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,700க்கும் மேற்பட்டோரிடம் கேட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தடுமாற்றத்துக்கு இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஒன்று, இருவரும் மனதுக்குள் ஒரே கூட்டத்தில் இருப்பது. குடும்பத்தினர் பெயர் குடும்பத்தினர் பெயரோடுதான் மாறுகிறது, சில வீடுகளில் நாயின் பெயரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இன்னொன்று, பெயர்களின் தொடக்கமோ முடிவோ உள்ளிருக்கும் ஒலியோ ஒத்திருப்பது. உருவ ஒற்றுமைக்கு இதில் பங்கு மிகக் குறைவாகவே இருந்தது. இரட்டையரைப் பெற்றவர்களுக்கு இது நல்ல செய்தி. முகத்தை மாற்ற முடியாது, ஒரே கூட்டத்திலிருந்து பிரிக்கவும் முடியாது. பெயரின் ஒலியை மட்டும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

குழந்தைக்கும் இதில் அவசரம் இருக்கிறது. நாலரை மாதத்திலேயே குழந்தைகள் தங்கள் பெயரின் ஒலியை மற்ற பெயர்களிலிருந்து பிரித்தறியத் தொடங்குகின்றன என்று 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்தக் குழந்தைகள் இரட்டையர்கள் அல்ல, அவர்கள் கேட்டதும் தமிழ் அல்ல. ஆனால் ஒரே தொட்டிலறையில் நாள் முழுக்க இரண்டு பெயர்களைக் கேட்டு வளரும் ஒரு பிள்ளைக்கு எது தன்னுடையது என்று பிரிக்கும் வேலை கூடுதல் என்பதைச் சொல்ல ஆய்வு வேண்டாம்.

ஓர் உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். இரட்டைப் பெண் குழந்தைகளுக்கு யாழினி, யாமினி என்று பெயர் வைத்துவிட்டதாகக் கொள்வோம். அழகான பெயர்கள், பிறப்புச் சான்றிதழிலும் ஏறிவிட்டன. ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே ஓசையில் முடிகின்றன, நடுவில் ஒரு மெய் மட்டும் வேறு. பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும் ஆசிரியரின் நிலையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. சான்றிதழை மாற்ற வேண்டாம், செல்லப்பெயரில் சரிசெய்யலாம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது தலையை எடுத்துக்கொள்வது: யாழு, யாமு. சமம்தான், ஆனால் உயிர்கள் இரண்டிலும் ஆகாரம், உகரம். அடுத்த அறைக்கு 'ஆ...ஊ' என்றுதான் போகும். தள்ளிவிடலாம்.

வாலை எடுத்தால் யாழினி 'இனி' ஆகிறாள், யாமினி 'மினி' ஆகிறாள். இதுவும் ஒலியில் ஒன்றுதான். தவிர, மினி பஸ், மினி டிபன் என்று நாள் முழுக்கக் கேட்கும் ஊரில் மினி என்றால் சின்னது. யாமினி ஒரே நாளில் தங்கையாகிவிடுவாள். வரிசை ஒளிந்து வரும் என்றேனே, இப்படித்தான் வரும்.

ஒருத்திக்குத் தலையும் ஒருத்திக்கு வாலுமாக எடுத்தால் வழி பிறக்கிறது. யாழு, மினி? பொருள் சிக்கல் அப்படியே இருக்கிறது, எடையும் பொருந்தவில்லை. யாழு தேமா, மினி ஓரசை. மினியை அழுத்தி 'மின்னு' என்று ஆக்கலாம். இப்போது எடை சரி. யாழு, மின்னு: தலை ஆகாரமும் இகரமும், வால் இரண்டுக்கும் உகரம். மோசமில்லை. வாலையும் பிரிக்க விரும்பினால் இரண்டு வழிகள்: யாழி, மின்னு, அல்லது யாழு, மின்னி. முதல் வழியில் ஒரு வில்லங்கம். நம்மில் பலருக்கு ழகரம் பேச்சில் ளகரமாகிவிடும். யாழி 'யாளி' ஆவாள். கோயில் தூணில் துதிக்கையோடு நிற்கும் அந்த விலங்கை ஒருமுறை சுற்றுலாவில் பார்த்துவிட்டு வந்த வகுப்பு அவளைச் சும்மா விடாது. மிஞ்சுவது யாழு, மின்னி. கூப்பிடும்போது யாழூ, மின்னீ. தலையிலும் வாலிலும் ஓர் உயிர்கூட ஒன்றாக இல்லை. இரண்டும் தேமா. இரண்டும் அவரவர் சொந்தப் பெயரிலிருந்தே வந்தவை. "யாழுவும் மின்னியும்" என்றும் சொல்லலாம், "மின்னியும் யாழுவும்" என்றும் சொல்லலாம், நாக்கு எதிலும் தடுக்கவில்லை.

இதைக் குடும்பத்துக்கு அறிவிக்கும் முன் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது. குழந்தைகளைப் பார்த்திராத நாலைந்து பேரிடம், அலுவலகத்திலோ வாட்ஸப்பிலோ, இரண்டு பெயர்களையும் சொல்லி இதில் யார் மூத்தவளாக இருக்கும் என்று கேளுங்கள். சிலரிடம் ஒரு வரிசையிலும் சிலரிடம் மாற்றியும் சொல்ல வேண்டும். பதில் இரண்டு பக்கமும் சிதறினால் சரி. எல்லோரும் ஒரே பெயரைக் கைகாட்டினால் எங்கோ ஒரு வரிசை ஒளிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாவிட்டாலும் ஊருக்குத் தெரிகிறது. முதலில் சொன்ன பெயரையே எல்லோரும் காட்டுகிறார்கள் என்றால் குற்றம் பெயரில் இல்லை, சொல்லும் முறையில் இருக்கிறது.

பெயரிலிருந்து சுருக்காமல் பொருளிலிருந்து எடுப்பதும் உண்டு. அதிலும் இதே கணக்குதான். மல்லி, முல்லை நல்ல ஜோடி. பூக்காரர் கணக்கில் விலை முன்னே பின்னே இருந்தாலும் மதிப்பில் ஒன்றுக்கொன்று குறைவில்லை, உயிர்கள் விலகி நிற்கின்றன. எழுதும்போது மட்டும் முகம் கொஞ்சம் ஒத்துப்போகும். வைகை, பொன்னி என்று ஆற்றின் பெயரால் வைத்தால் எழுத்திலும் ஒலியிலும் தெளிவாகப் பிரியும். மதுரைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் கல்யாணம் செய்துகொண்ட வீட்டில் யாருக்கும் மனக்குறை இருக்காது. செய்யக்கூடாதது ஒன்றுதான்: ஒருத்திக்குச் சொந்தப் பெயரின் சுருக்கம், இன்னொருத்திக்கு எங்கிருந்தோ வந்த 'பொம்மு', 'புஜ்ஜி'. முதல் பெயர் வளர்ந்து பெரியவளாகும், இரண்டாவது எப்போதும் மடியில் கிடக்கும். பெயர்களுக்குள் வயது ஏறுவதில் இது ஒரு வகை. இருவரும் இருபது வயதைத் தொடும்போதுதான் தெரியவரும்.

இவ்வளவும் செய்தபிறகு குழந்தைகள் பேசத் தொடங்கும். அப்போது ஆட்டம் கொஞ்சம் மாறும். ரகரமும் ழகரமும் குழந்தை நாக்குக்குத் தாமதமாக வருபவை. ப, ம, த, ந எளிதில் வரும். இரட்டையரில் ஒருவர் மற்றவரை எப்படித் திரித்து அழைக்கிறாரோ அதுதான் பல வீடுகளில் நிலைத்த பெயராகிறது. நம் யாழு, மின்னியின் வாயில் அநேகமாக 'யாயு' ஆவாள். அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. உயிர்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன, எடையும் மாறவில்லை. ஆனால் ஒருத்தி பெயர் மட்டும் மழலையில் திரிந்து, அதையே எல்லோரும் ரசித்துச் சொல்லத் தொடங்கினால், மேலே சொன்ன பொம்மு புஜ்ஜிக் கணக்கு பின்வாசல் வழியாக வந்துவிடும். மழலைப் பெயரை வைத்துக்கொள்வதென்றால் இருவருடையதையும் வைத்துக்கொள்ளுங்கள், விடுவதென்றால் இரண்டையும் விடுங்கள்.

ஏற்கெனவே பெரியவன், சின்னவன் என்று ஆகிப்போன வீடுகளில் என்ன செய்வது என்று கேட்பார்கள். தாத்தா பாட்டியைத் திருத்துவது கடினம், திருத்தப் போனால் சண்டை வரும். அவர்களிடம் "அப்படிக் கூப்பிடாதீங்க" என்று சொல்வதைவிடப் புதுப் பெயர்களை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது பலிக்கும். தாங்கள் வைத்த பெயரைத் தாங்களே கூப்பிடாமல் இருப்பார்களா? மூன்று வயதுக்குள் என்றால் சில மாதங்களில் பழகிவிடும். அதற்கு மேல் பிள்ளைகளுக்கே கருத்து இருக்கும். முதலில் பிறந்தவன் பட்டத்தை விட்டுக்கொடுக்க மறுப்பான். "நான்தான் அண்ணன்" என்பான், ஒரு நிமிடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. மற்றவன் அண்ணா என்று கூப்பிட மறுப்பான். அந்த வாரம் பெற்றோர் இருவரும் எந்தப் பக்கமும் சேராமல் இருவரையும் புதுப் பெயரிலேயே கூப்பிட்டு, தட்டு வைப்பதிலும் தலை சீவுவதிலும் இன்று ஒருவன் நாளை ஒருவன் என்று முறை வைத்துக்கொண்டால் போதும். பெயரைச் சொல்லும் வரிசையும் அந்த முறையோடு மாறட்டும்.

வெளியாட்கள் கேட்கும் கேள்வி மட்டும் நிற்காது. "எது பெருசு?" என்று கேட்டால் சில பெற்றோர் சிரித்துக்கொண்டே, "ரெண்டும் ஒரே நாள்தாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்டவர் விடமாட்டார். "இல்ல, யார் ஃபர்ஸ்ட் வெளிய வந்தது?" என்பார். அதற்குள் பிள்ளைகளில் ஒன்று தன் பெயரைச் சொல்லிவிட்டு இன்னொன்றின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடும்.